மினிட்ஸ் புத்தகத்தில் எதை எழுதுவது: ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பு

நான் செயலாளராக இருந்து எழுதிய முதல் ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பு பதினொரு பக்கம். தலைவர் உரை முழுக்க இருந்தது. பொருளாளர் சொன்ன நகைச்சுவை இருந்தது. வடை ஆறிப்போனதைப் பற்றி ஒரு அம்மா சொன்னதுகூட இருந்தது. விதித் திருத்தத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி: ‘விவாதத்துக்குப் பின் பெருவாரியான ஆதரவுடன் நிறைவேற்றப்பட்டது.’ பழைய உறுப்பினர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, பெருவாரி எண்டால் எத்தினை பேர்?” எனக்குத் தெரியவில்லை. கை தூக்கியவர்களை எண்ணிய தாள் அன்றைக்கே மண்டபத்தின் குப்பைக் கூடைக்குப் போய்விட்டது.

இந்த அத்தியாயம் அந்தத் தாளைப் பற்றியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பழக்கமான சட்டம் அங்கேயுள்ளது. மெல்பர்னில் பதிவு பெற்ற தமிழ்ச் சங்கம் ஒன்று 2012-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்துக்குக் கீழே வரும். பதிவாளர் அலுவலகம் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியா. தனக்கென்று விதிகள் எழுதிக்கொள்ளாத சங்கங்களுக்கு அரசே தந்திருக்கும் ‘மாதிரி விதிகள்’ பொருந்தும். கோரம், பதிலாள், ஓட்டுரிமை பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த மாதிரி விதிகளின்படி. உங்கள் சங்கம் சொந்தமாக விதி எழுதியிருந்தால் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருந்தால் நாள்கணக்கு மாறும்.

ஒரு மாதிரிச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். நான் உட்கார்ந்து எழுதிய சில கூட்டங்களைக் கலந்து செய்தது இது. நிதியாண்டு 2025 ஜூன் 30-இல் முடிகிறது. முடிந்து ஐந்து மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தாக வேண்டும். சங்கம் நவம்பர் 9, ஞாயிறு மாலையைத் தேர்ந்தெடுத்தது. ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் 148 பேர். நிகழ்ச்சிநிரலில் சர்ச்சைக்குரியவை இரண்டு: ஜனவரியில் வரும் பொங்கல் விழா வரவுசெலவு, செயற்குழுவின் பதவிக்காலத்தை ஓராண்டிலிருந்து ஈராண்டாக்கும் விதித் திருத்தம்.

முதலில் சொற்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் ‘செயற்குழு’ என்பதை இலங்கையிலிருந்து வந்தவர் ‘நிர்வாக சபை’ என்பார். ஒருவருக்கு ‘விதிமுறை’, இன்னொருவருக்கு ‘யாப்பு’. ‘பொருளாளர்’, ‘தனாதிகாரி’. ‘மினிட்ஸ்’, ‘கூட்டறிக்கை’. பேசும்போது எதுவும் ஓடும். குறிப்பில் ஒரே பொருளுக்கு ஒரே சொல்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்து வருடம் கழித்துப் படிப்பவர், செயற்குழு ஒன்று, நிர்வாக சபை வேறொன்று என்று நினைப்பார். எங்கள் சங்கத்தில் மினிட்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பன்னிரண்டு சொற்களுக்கு இணைச்சொல் எழுதி ஒட்டிவைத்தோம். எந்த ஊர்ச் சொல் ஜெயித்தது என்ற சண்டை ஒரு மாலைப்பொழுதைத் தின்றது. பரவாயில்லை, ஒரு தடவைதானே.

கூட்டம் தொடங்கும்முன் வாசலில் நடப்பதுதான் குறிப்பின் அடித்தளம். ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பில் வந்த உறுப்பினர்களின் பெயர், தலைவரிடம் கொடுக்கப்பட்ட பதிலாள் படிவங்கள், சமர்ப்பிக்கப்பட்ட நிதி அறிக்கை, அந்த அறிக்கை உண்மையான நிலையைக் காட்டுகிறது என்று செயற்குழுவினர் இருவர் கையெழுத்திட்ட சான்று ஆகியவை சேர்ந்திருக்க வேண்டும் என்கின்றன மாதிரி விதிகள். தணிக்கையோ மீளாய்வோ செய்திருந்தால் அதன் அறிக்கையும். ஆகவே வருகைப் பதிவேடு வெறும் மரியாதைக்கு வைக்கும் கையெழுத்து நோட்டு அல்ல. நம் கூட்டங்களில் மண்டபத்துக்குள் தொண்ணூறு பேர் இருப்பார்கள். அதில் குழந்தைகள், விருந்தினர், சந்தா கட்டாதவர், ‘சாப்பாட்டுக்கு வாங்கோ’ என்று அழைத்து வந்த மாமா எல்லோரும் உண்டு. பதிவேட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஓட்டுரிமை உள்ளவர், ஓட்டுரிமை இல்லாத உறுப்பினர், விருந்தினர். குடும்பச் சந்தாவுக்கு ஒரு ஓட்டா, கணவன் மனைவிக்கு ஆளுக்கொன்றா என்பதை உங்கள் விதியில் பார்த்து, வாசலில் நிற்பவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தின் நடுவில் இந்தக் கேள்வி வந்தால் தலைவர் சொல்வதெல்லாம் அரசியலாகத் தெரியும்.

இரண்டாவது பத்தி ஏன்? சூடான தேர்தல் இருக்கும் வருடங்களில் வாசலிலேயே சந்தா கட்டி உறுப்பினராகிறவர்கள் வருவார்கள். சேர்ந்து பத்து வேலைநாளுக்கு மேல் ஆனால்தான் ஓட்டு. நவம்பர் 9 கூட்டத்துக்குப் பின்னோக்கி எண்ணினால், நடுவில் நவம்பர் 4 மெல்பர்ன் கப் விடுமுறை என்பதால், அக்டோபர் 22-க்குள் சேர்ந்தவருக்குத்தான் அன்று கை தூக்கும் உரிமை. நம் மாதிரிச் சங்கத்தில் அன்று வாசலில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். இந்த ஐந்து பேரை நினைவில் வையுங்கள்.

கோரம் பத்து சதவீதம். 148 பேரில் 15 பேர். நம் கூட்டத்துக்கு நேரில் 58 பேர், பதிலாள் மூலம் 6 பேர், ஆக 64 ஓட்டு. குறிப்பில் ‘போதிய உறுப்பினர் வந்திருந்ததால்’ என்று எழுதாமல் எண்ணையே எழுதுங்கள்: ‘மாலை 4.10-க்கு ஓட்டுரிமையுள்ள உறுப்பினர் 58 பேர் நேரில் இருந்தனர், பதிலாள் படிவம் 6, கோரம் 15, தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார்.’

அடுத்து நிர்வாகிகள் அறிக்கை. இங்கேதான் பக்கம் வீங்கும். செயலாளர் அறிக்கை, பொருளாளர் அறிக்கை, தமிழ்ப் பள்ளி அறிக்கை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி, அ, ஆ, இ என்று இணைப்பாகப் பின்னால் சேர்த்துவிட்டால் குறிப்பில் அவற்றுக்கு இரண்டு வரி போதும். யார் சமர்ப்பித்தார், கூட்டம் அதை என்ன செய்தது என்ற இரண்டு செய்தியே வேண்டும்.

‘என்ன செய்தது’ என்பதில் தமிழ் நம்மை மாட்டிவிடும். நாம் பழக்கத்தில் எழுதுவது ‘பொருளாளர் அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று. இதற்கு என்ன பொருள்? கையில் வாங்கிக்கொண்டார்களா? கணக்கு சரி என்று ஒப்பினார்களா? அல்லது அதில் கண்ட கூடுதல் செலவுக்குச் சம்மதித்தார்களா? மூன்றுக்கும் அதே சொல் ஓடுகிறது. அதோடு ‘படும்’, ‘பட்டது’ என்று முடிந்தால் செய்தவர் யாரென்றே தெரியாது. நான் மூன்று வினைகளைப் பிரித்து வைத்திருக்கிறேன். அறிக்கையை வாங்கி வைத்தால் ‘கூட்டம் பெற்றுக்கொண்டது’. ஒரு தகவலைச் சொல்ல, யாரும் ஓட்டுப் போடவில்லையென்றால் ‘கூட்டம் குறித்துக்கொண்டது’. முன்மொழிந்து, வழிமொழிந்து, ஓட்டெடுத்து முடிவானால் மட்டும் ‘கூட்டம் ஒப்புதல் அளித்தது’. மூன்றிலும் எழுவாய் கூட்டம். ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற சொல்லை எங்கள் புத்தகத்திலிருந்து முழுக்க எடுத்துவிட்டோம்.

இந்த வேறுபாடு பொருளாளர் அறிக்கையில் உடனே வேலைக்கு வந்தது. அவர் வாசித்தது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையான கணக்கு. அதிலுள்ள தீபாவளி 2024-இல் கொண்டாடியது. ஆனால் மண்டபத்தில் இருந்த எல்லோர் மனதிலும் இருந்தது மூன்று வாரம் முன்பு, 2025 அக்டோபரில், முடிந்த தீபாவளி. “சாப்பாட்டுக்கு இவ்வளவா? நான் சாப்பிட்ட தட்டில் ஒரு கறிதானே இருந்தது!” என்று ஒருவர் கேட்க, பொருளாளர் வேறு வருடத்துச் சாப்பாட்டுக்குப் பதில் சொல்ல, கால்மணி நேரம் இரண்டு தீபாவளிகள் ஒன்றோடொன்று மோதின. நிதியாண்டு ஜூனில் முடியும் நாட்டில் இது ஒவ்வோர் ஆண்டும் நடக்கும். குறிப்பில் ‘தீபாவளி’ என்று வரும் இடத்திலெல்லாம் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். நடப்பாண்டுத் தீபாவளிக் கணக்கு அந்தக் கூட்டத்தின் நிதி அறிக்கையில் இல்லை, அடுத்த ஆண்டு வரும் என்று ஒரு வரி போட்டுவிட்டால், அடுத்த ஆண்டு ‘போன தடவை மறைத்தார்கள்’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

2024 தீபாவளிக்குத் திட்டமிட்டது 11,000 டாலர், செலவானது 12,650. 1,650 கூடுதல், பதினைந்து சதவீதம். காரணம் 350 பேருக்கு எதிர்பார்த்த சாப்பாட்டுக்கு 410 பேர் வந்தது. ஒரு உறுப்பினர் எழுந்து மிகக் கடுமையான வார்த்தையில் செயற்குழுவைச் சாடினார். அந்த வார்த்தையை எழுதலாமா? கூடாது. நிரூபிக்காத ஒரு குற்றச்சாட்டைச் சங்கத்தின் ஆவணத்தில் சங்கமே எழுதி, உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்பினால், அவதூறு வழக்குக்கு நீங்களே சாட்சி தயாரித்தது போலாகும். அதற்காக நடந்ததையே மறைக்கவும் கூடாது. எழுதியது இது:

‘2024 தீபாவளிச் செலவு திட்டத்தைவிட 1,650 டாலர் கூடியதற்கு உறுப்பினர் ஒருவர் விளக்கம் கேட்டார். வருகை 60 பேர் கூடியதால் கூடுதல் உணவு வாங்க நேர்ந்ததாகப் பொருளாளர் பதிலளித்தார். உணவக ரசீதுகளை உறுப்பினர் பார்வைக்கு நவம்பர் 23-க்குள் வைப்பதாகப் பொருளாளர் ஒப்புக்கொண்டார். கூட்டம் நிதி அறிக்கையைப் பெற்றுக்கொண்டது.’

கேள்வி இருக்கிறது, பதில் இருக்கிறது, ஒருவர் தலையில் ஒரு வேலையும் ஒரு தேதியும் விழுந்திருக்கிறது. கோபம் இல்லை. கோபப்பட்டவரும் இதைப் படித்துவிட்டுத் திருப்தியாகவே இருந்தார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது ரசீதுதான்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் எழுத வேண்டியிருந்தது. சாப்பாடு வாங்கிய உணவகம் செயற்குழு உறுப்பினர் ஒருவரின் மனைவி நடத்துவது. இதில் தவறில்லை. நம் ஊர்க்காரர் சமையல்தான் நமக்கு வேண்டும், சின்ன சமூகத்தில் சமைப்பவரும் சங்கத்தில் இருப்பவரும் உறவாகத்தான் இருப்பார்கள். ஆனால் தனக்குப் பொருள்சார்ந்த ஈடுபாடு உள்ள விஷயத்தைச் செயற்குழுவில் சொல்ல வேண்டும், அதன்மேல் நடக்கும் விவாதத்திலும் ஓட்டிலும் கலந்துகொள்ளக் கூடாது, அடுத்த பொதுக்கூட்டத்திலும் அதை உறுப்பினருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே யார், என்ன உறவு, எவ்வளவு தொகை என்று மூன்று விவரத்தோடு ‘கூட்டத்தில் தெரிவித்தார், கூட்டம் குறித்துக்கொண்டது’ என்று எழுதியாயிற்று. பலர் இதைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டு வேறு ஒருவர் வாயிலிருந்து வெளிவரும்போது அதே செய்தி ஊழலாகத் தெரியும்.

பொங்கல் வரவுசெலவு 2026 ஜனவரி 17 சனிக்கிழமை விழாவுக்கு. பொருளாளர் திரையில் காட்டிய மொத்தச் செலவு 9,400 டாலர். “போன வருஷம் எட்டாயிரம்தானே?” என்று சத்தம். பிரித்துப் பார்த்தால் மண்டப வாடகை 2,400, உணவு 3,600, ஒலி ஒளி 1,200, பிள்ளைகள் பரிசு 400, காப்பீட்டில் விழாவின் பங்கு 350, எதிர்பாராச் செலவு 450. கூட்டினால் 8,400. மீதி ஆயிரம் எங்கே போனது? அது மண்டபத்துக்குக் கட்டும் முன்பணம், பாண்டு. சுவரில் ஓட்டை போடாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பி வரும். வங்கியிலிருந்து 9,400 வெளியே போகும், உண்மைதான். ஆனால் செலவு 8,400. விழா வரவுசெலவுகளில் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம் இதுவே. திரும்பி வரும் பணத்தைச் செலவில் எழுதினால், அது திரும்பி வந்ததும் ‘வருமானம்’ ஆகி, விழா லாபம் பார்த்தது போலக் காட்டும்.

வரவுப் பக்கத்தில் தவறு வேறு மாதிரி. நுழைவுச்சீட்டு 15 டாலர் வீதம் 300 பேர், 4,500. ஸ்பான்சர் 2,500. இந்த 2,500-இல் எழுத்தில் உறுதி வந்தது ஆயிரம் மட்டுமே. மீதி, கடைக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் “பார்த்துக்கலாம் அண்ணே” என்று சொன்னது. அரிசி மூட்டையாகத் தருகிறேன் என்றவரும் உண்டு. மூட்டை பணமல்ல, அது உணவுச் செலவைக் குறைக்கும், வரவைக் கூட்டாது. எல்லாம் வந்தாலும் வரவு 7,000, துண்டு விழுவது 1,400. உறுதியானதை மட்டும் எண்ணினால் துண்டு 2,900. இந்த இரண்டு எண்ணும் கூட்டத்தில் சொல்லப்பட வேண்டும், குறிப்பிலும் வர வேண்டும்.

எதிர்பாராச் செலவு எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஜனவரி மெல்பர்னில் கடும் கோடை. மண்டபத்து முற்றத்தில் விறகடுப்பு மூட்டிப் பானை வைக்கத் திட்டம். அன்றைக்கு முழு நெருப்புத் தடை அறிவித்துவிட்டால் திறந்தவெளியில் விறகு எரிக்க முடியாது. உள்ளே சமையலறையை வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்த 450 அதற்கு. இந்தக் கேள்வி பதிலைக் குறிப்பில் சேர்த்தேன், ஏனென்றால் நெருப்புத் தடை வராவிட்டால் அந்தப் பணத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்ற எல்லை அதில் இருந்தது.

தீர்மானம் இப்படி அமைந்தது: ‘2026 பொங்கல் விழாவுக்கு 8,400 டாலர் வரை செலவிடவும், வரவு போதாவிட்டால் சேமிப்பிலிருந்து 1,400 டாலர் வரை எடுக்கவும் கூட்டம் ஒப்புதல் அளித்தது. அதற்கு மேல் தேவைப்பட்டால் செயற்குழு செலவுக்கு முன் கூடி எழுத்தில் முடிவெடுக்க வேண்டும். திரும்பப் பெறும் மண்டப முன்பணம் 1,000 டாலர் இதில் சேராது.’ முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர், ஓட்டு எண்ணிக்கை. நடுவிலுள்ள வாக்கியம் மண்டபத்தில் எழுந்தது. 2024 தீபாவளியில் சூடுபட்டவர்கள் அதை விதியிலேயே சேர்க்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். விதியில் போட்டால் பிறகு ஒவ்வொரு தடவை தொகையை மாற்றவும் முக்கால்வாசி ஓட்டும் பதிவாளர் ஒப்புதலும் தேவைப்படும். சாதாரணத் தீர்மானமாக வைத்தால் அடுத்த கூட்டமே மாற்றிக்கொள்ளலாம்.

இனி விதித் திருத்தம். இது சிறப்புத் தீர்மானம். 21 நாள் முன்னறிவிப்பு, அதில் திருத்தத்தின் முழு வாசகம், இதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம் என்ற அறிவிப்பு மூன்றும் இருக்க வேண்டும். நவம்பர் 9-க்கு 21 நாள் முன் என்றால் கடைசிக் கெடு அக்டோபர் 19, தீபாவளிக்கு முதல்நாள். முறுக்குச் சுடும் நேரத்தில் மின்னஞ்சல் அனுப்ப மறந்த செயலாளர்கள் உண்டு. ஒரு வாரம் முன்னதாகவே, 12-ஆம் தேதி, அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதியைக் குறிப்பில் எழுதி, அறிவிப்பின் நகலையும் இணையுங்கள். வாசகம் பதிவாளரிடம் ஆங்கிலத்தில் போகும் என்பதால், ஆங்கில வாசகத்தையும் தமிழ் விளக்கத்தையும் ஒன்றாக அனுப்பி, முரண்பட்டால் எது செல்லும் என்று அதிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “ஈராண்டு சரி, ஆனால் தலைவர் மட்டும் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சேருங்கள்” என்றார். மண்டபம் கைதட்டியது. நல்ல யோசனைதான். ஆனால் நேரில் வராத 90 பேர் 21 நாள் முன்பு படித்த வாசகத்தில் அது இல்லை. எழுத்துப் பிழை திருத்தலாம், பொருளை மாற்றக் கூடாது. தலைவர் அதை ஏற்க மறுத்ததையும், அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முறைப்படி முன்மொழியுமாறு கேட்டுக்கொண்டதையும் எழுதினால் போதும். கைதட்டலை எழுத வேண்டாம்.

பிறகு ஓட்டு. முதலில் கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவு 48 என்று எண்ணினார் ஒருவர். பின்வரிசையில் இருந்து குரல்: “வாசலில் இப்ப சேர்ந்தவர்களும் தூக்குகிறார்கள்!” அந்த ஐந்து பேரில் இரண்டு பேர். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவர்கள் மேல் குற்றமில்லை. மூன்று பேர் சேர்ந்து கேட்டால் சீட்டு மூலம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். கேட்டார்கள். பதிவேட்டின் முதல் பத்தியைப் பார்த்து மஞ்சள் சீட்டு கொடுத்தார்கள், பதிலாள் வைத்திருந்தவருக்குக் கூடுதல் சீட்டு. முடிவு: ஆதரவு 46, எதிர்ப்பு 15, ஓட்டுப் போடாமல் இருந்தவர் 3.

இப்போது கணக்கு. 64 பேரில் 46 என்றால் 71.9 சதவீதம், தோல்வி. ஓட்டுப் போட்ட 61 பேரில் 46 என்றால் 75.4 சதவீதம், வெற்றி. எது சரி? ஓட்டுப் போட்டவர்களில் எழுபத்தைந்து சதவீதம் என்பதே சட்டம். ஓட்டுப் போடாதவர் கணக்கில் வரமாட்டார். 61-இல் முக்கால் பங்கு 45.75, ஆகவே 46 ஓட்டு வேண்டும், சரியாக 46 கிடைத்தது. அந்த மூன்று பேரில் ஒருவர் எதிர்த்து ஓட்டளித்திருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். ‘பெருவாரியான ஆதரவு’ என்ற என் பழைய வரி இந்த இடத்தில் என்ன பதில் சொல்லியிருக்கும்? எழுதியது:

‘தீர்மானம் 5 (சிறப்புத் தீர்மானம்). அக்டோபர் 12 அறிவிப்பில் கண்ட வாசகம் மாற்றமின்றி வாசிக்கப்பெற்றது. கைதூக்கல் முடிவில் ஓட்டுரிமை இல்லாதவரும் கலந்திருந்ததால் தலைவர் அதை விலக்கினார். மூன்று உறுப்பினர் கோரச் சீட்டு வாக்கெடுப்பு நடந்தது. வழங்கிய சீட்டு 64 (பதிலாள் 6 உட்பட). ஆதரவு 46, எதிர்ப்பு 15, ஓட்டளிக்காதவர் 3. ஓட்டளித்த 61 பேரில் ஆதரவு 75.4 சதவீதம். தீர்மானம் நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார். பதிவாளரின் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து திருத்தம் நடைமுறைக்கு வரும்.’

கைதூக்கல் முடிவுக்குத் தலைவரின் அறிவிப்பும் குறிப்பில் அதன் பதிவும் சேர்ந்தால் அதுவே முடிவான சான்று என்கின்றன மாதிரி விதிகள்; சீட்டு வாக்கெடுப்புக்கும் அதே கவனம் வேண்டும். அதனால்தான் இந்தப் பத்தியை வீட்டுக்குப் போய் எழுதாமல், அங்கேயே எழுதி, தலைவருக்கும் எண்ணியவருக்கும் வாசித்துக் காட்டினேன். சீட்டுகளை உறையிலிட்டு ஒட்டி, மேலே இருவர் கையெழுத்து. குப்பைக் கூடை பக்கம் அவற்றை விடவில்லை.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘இன்று முதல்’ என்று எழுதியிருந்தால் அது தவறு. பதிவாளர் ஒப்புதல் தரும்வரை பழைய விதிதான் விதி. அதன் விளைவு அரைமணி நேரத்தில் தெரிந்தது. அடுத்த நிகழ்ச்சி தேர்தல். தேர்வானவர்கள் ஈராண்டுக்கு என்று நினைத்து மாலை வாங்கிக்கொண்டார்கள். இல்லை, அவர்கள் பழைய விதிப்படி ஓராண்டுக்கே தேர்வானவர்கள். வேறு மாதிரி வேண்டுமென்றால் திருத்த வாசகத்திலேயே அதற்கான இடைக்கால ஏற்பாடு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. குறிப்பில் ‘2026 ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை’ என்று எழுதினேன். புதிய தலைவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க 28 நாள். நவம்பர் 9-இலிருந்து எண்ணினால் டிசம்பர் 7, அது ஞாயிறு. முந்தைய வெள்ளிக்குள் முடிக்க வேண்டியது. ஆண்டு அறிக்கைப் படிவம் வேறு, அதற்குக் கூட்டம் முடிந்து ஒரு மாதம். புதிய செயலாளர் பொறுப்பேற்ற குழப்பத்தில் இரண்டும் நழுவும். குறிப்பின் கடைசியில் ‘செய்ய வேண்டியவை’ என்று மூன்று வரி: ரசீது பார்வைக்கு, பொருளாளர், நவம்பர் 23, விதித் திருத்த விண்ணப்பம், செயலாளர், டிசம்பர் 5, ஆண்டு அறிக்கை, செயலாளர், டிசம்பர் 9.

வரைவை ஒரு வாரத்துக்குள் எழுதி முடித்துத் தலைவருக்கும் பொருளாளருக்கும் மட்டும் அனுப்புங்கள். எண்கள் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள், நடையைத் திருத்தச் சொல்லாதீர்கள். ‘நான் இன்னும் நன்றாகப் பேசினேனே’ என்று வருவார்கள். உறுப்பினருக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ‘வரைவு’ என்று இருக்கட்டும், ஏனென்றால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் உறுதிப்படுத்தும்வரை அது வரைவுதான்.

உறுதிப்படுத்தும் நேரத்தில் ஒருவர் எழுந்து “அன்று எடுத்த முடிவு சரியில்லை” என்பார். அது குறிப்பின் திருத்தமல்ல. அன்று நடந்தது இங்கே சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது மட்டுமே அப்போதைய கேள்வி. முடிவை மாற்றப் புதுத் தீர்மானம் கொண்டுவரலாம். உண்மையிலேயே பிழை இருந்தால், எண் 15 என்பது 51 என்று அச்சாகியிருந்தால், கணினியில் பழைய கோப்பைத் திறந்து சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, தலைவரும் செயலாளரும் தேதியோடு சுருக்கொப்பமிட்டு, புதிய கூட்டத்தின் குறிப்பிலும் அந்தத் திருத்தத்தைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு தலைவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும்.